நன்றியுரை: எங்கள் பள்ளியின் கல்வி வளர்ச்சி நாள் விழா

அனைவருக்கும் என் அன்பான வணக்கம். நான் எட்டாம் வகுப்பு மாணவி. நன்றியுரை சொல்லும் பொறுப்பைக் கொடுத்தபோது எங்கள் தமிழ் ஆசிரியை, "பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு இறங்காதே, யார் என்ன செய்தார்கள் என்று சொல்" என்றார். அப்படியே சொல்கிறேன்.

முதலில், விழாவுக்குத் தலைமையேற்ற எங்கள் தலைமையாசிரியர் அவர்களுக்கு நன்றி. சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் செவிலியர் அக்கா இதே பள்ளியில் படித்தவர். மதியச் சாப்பாடு கிடைக்கும் என்றுதான் வீட்டில் தன்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று மேடையில் மறைக்காமல் சொன்னீர்கள், அக்கா. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதன் பொருள் இன்று உங்கள் பேச்சில்தான் எங்களுக்குப் புரிந்தது. இரவுப் பணி முடித்து, தூங்காமல் நேராக இங்கே வந்ததற்கும் நன்றி.

அடுத்து எங்கள் ஒயிலாட்ட ஆசிரியர் ஐயா. பத்து நாள், மாலை நாலரை மணிக்குப் பேருந்தில் வந்து சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் கைக்குட்டை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனது. அவர் கோபப்படவில்லை. கைக்குட்டைகளை வாங்கி வைத்துவிட்டு, நான்கு நாள் கைதட்டலுக்கு அடி வைக்க மட்டும் பழக்கினார். கால் சரியான பிறகுதான் கைக்குட்டை திரும்பி வந்தது. இன்று பன்னிரண்டு பேரின் சலங்கையும் ஒன்றாகக் கேட்டதே, அது அந்த நான்கு நாளின் பலன். ஐயா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நேற்று மாலை பெய்த மழையில் மைதானம் சேறாகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்கள் இரவோடு இரவாக ஒரு டிராக்டர் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். மைக் செட் அண்ணன் நனைந்த ஒயரை எல்லாம் மாற்றிவிட்டு, விடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். இவர்களுக்கும், நாற்காலி சுமந்த ஏழாம் வகுப்புத் தம்பிகளுக்கும் நன்றி.

நான் நன்றி சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு பேர் இந்தப் பந்தலிலேயே இல்லை. சத்துணவுக் கூடத்தில் இருக்கிறார்கள். சமையலர் அம்மாவும் உதவியாளர் அக்காவும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே வந்து நம் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஆடியதை அவர்கள் பார்க்கவில்லை. காமராசர் பிறந்த நாளில் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா, அக்கா, ஒலிபெருக்கியில் கேட்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எங்கள் நன்றி. சாப்பிட்ட பிறகு உங்களுக்காக ஒரு முறை ஒயிலாட்டம் ஆடிக்காட்டுவோம். ஐயாவிடம் கேட்டுவிட்டோம், சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.