9ஆம் ஸ்ரோல்காரருக்கும் 16ஆம் ஸ்ரோல்காரருக்கும் நன்றி

அன்புடையீர்,

முற்றவெளியில் எங்கள் வர்த்தகக் கண்காட்சி நல்லபடி முடிந்தது. ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் என்ற முறையில் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் நன்றி, கூட்டக் குறிப்பு எழுதிய அக்காவுக்கு. ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதி, உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் அடுத்த விடயத்துக்கு விட்டார். சிலருக்கு அது சலிப்பாக இருந்தது. திறப்புக்கு முதல் நாள் அவரது கொப்பிதான் எங்களைக் காப்பாற்றியது.

நடந்தது இதுதான். ஒரு வரிசையில் 16 ஸ்ரோல்கள், ஒவ்வொன்றும் 3 மீற்றர் அகலம். கடைசியிலுள்ள 16, இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்ரோல். அதற்கு அடிப்படைக் கட்டணம் 60,000 ரூபாவுடன் மூலைக்காக 9,000 ரூபா கூடுதல். அவசர வழி விட வேண்டும் என்று வந்ததும் 9ஆம் ஸ்ரோலை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தோம். உடனே 16இன் திறந்த பக்கம் அடைபட்டது. பணம் கட்டாத 8ம் 10ம் மூலைகளாகிவிட்டன.

16இல் ஐஸ்கிறீம் விற்க வந்தவர் எழுத்தில் முறைப்பாடு தந்தார். கூடுதல் காசைத் திருப்பித் தர வேண்டும், அதை 8இடமும் 10இடமும் வாங்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. முதல் பாதி நியாயம். ஆனால் 8ம் 10ம் மூலை கேட்கவில்லையே! "குழு இடத்தை மாற்றினால் ஒதுக்கீட்டுக் கடிதத்திலுள்ள கட்டணத்துக்கு மேல் கேட்பதில்லை" என்று இரண்டாவது கூட்டக் குறிப்பில் இருந்தது. வாசித்தோம், வாக்குவாதம் அடங்கியது.

அப்புறம் 9ஆம் ஸ்ரோல்காரர், பனங்கட்டியும் புழுக்கொடியலும் கொண்டு வந்த அண்ணை, "நான் உள்ளுக்கு வாறன், அவர் கடைசிக்குப் போகட்டும்" என்றார். அண்ணை இன்னும் சாமான் இறக்கவில்லை. சிக்கல் மின்சாரத்தில்தான். உறைபெட்டிக்கான தனி லைன் 16க்கு இழுக்கப்பட்டிருந்தது. மின்வேலைத் தம்பி இரவோடு இரவாக அதைக் கழற்றி அடுத்ததற்கு மாற்றினார். இருவர் சம்மதத்துடன் இடமாற்றம், கட்டணம் இருவருக்கும் முன்போலவே என்று குறிப்பெழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். வரைபடத்திலும் இலக்கங்களைத் திருத்தினோம். இல்லாவிட்டால் பற்றுச்சீட்டு ஓரிடமும் கடை ஓரிடமுமாக நின்று கணக்காளரை அலைக்கழித்திருக்கும்.

சும்மா மூலை கிடைத்த 10ஆம் ஸ்ரோல்காரர் மறுநாள் வந்து, வாடைக்காற்று பதாகையைப் பிடுங்குகிறது என்று முறையிட்டார். அதுவும் குறிப்பில் ஏறியது. படங்கு கட்டிக் கொடுத்த தொண்டர்களுக்கும் நன்றி.

முறைப்பாட்டை வாயால் கத்தாமல் ஸ்ரோல் இலக்கம், நேரம், கேட்பது என்ன என்று எழுதித் தந்த எல்லோருக்கும் நன்றி. துப்புரவு வைப்புப் பணத்தை இன்னும் எடுக்காதவர்கள் பற்றுச்சீட்டுடன் கணக்காளரிடம் வாருங்கள். இடம் மாறிய இருவரும் பழைய இலக்கமுள்ள சீட்டையே கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர், ஏற்பாட்டுக் குழு
யாழ்ப்பாணம்