டிஸ்க் எப்போது நிறையும் என்பதல்ல, எப்போது ஆர்டர் போட வேண்டும் என்பதே கேள்வி: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கொள்முதல் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில் சர்வர் டிஸ்க் விஷயத்தை அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தீர்கள். "இன்னும் 350 ஜிபி காலியாக இருக்கிறது, வருடத்துக்கு 186 ஜிபிதான் ஏறியிருக்கிறது, இருபத்திரண்டு மாதம் தாங்கும்" என்பது நீங்கள் சொன்ன காரணம். அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை, ஆனாலும் முடிவு தப்பு. ஏன் என்று கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டை கிளையிலிருந்து ஓசூர் கிளை வரை இந்த டேட்டாபேஸை நம்பித்தான் எல்.ஆர். எனும் லாரி ரசீது போடுகிறார்கள், அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். அப்போது நம்மிடம் இருந்தது 300 ஜிபி டிஸ்க். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு லோடிங் நடந்துகொண்டிருக்கும்போது புக்கிங் திரையில் சேவ் ஆகவில்லை, சர்வர் லாகில் இந்த வரி வந்தது:

```
ERROR:  could not extend file "base/16384/24601": No space left on device
HINT:  Check free disk space.
```

நாங்கள் பதற்றத்தில் செய்த முதல் காரியம் டேபிள்களில் இருந்த பழைய வரிகளை அழித்தது. மூன்று கோடி வரிகளுக்கு மேல் டெலீட் கொடுத்தோம். அப்புறம் `df -h` போட்டுப் பார்த்தால் அதே 100%. நம் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் டெலீட் செய்த வரி ஃபைலுக்குள்ளேயேதான் கிடக்கும். வேக்யூம் ஓடினால் அந்த இடத்தில் அதே டேபிளின் புது வரிகள் உட்காரலாம், ஆனால் பெரும்பாலும் இடம் டிஸ்க்குக்குத் திரும்பி வராது. திரும்ப வர `VACUUM FULL` வேண்டும், அது டேபிளை முழுசாகப் புதுப் பிரதி எடுத்து எழுதும், அந்தப் பிரதிக்கே இடம் இல்லை. போதாக்குறைக்கு, டெலீட்டும் ஒரு மாற்றம்தான் என்பதால் மாற்றப் பதிவு எழுதப்படுகிற `pg_wal` ஃபோல்டரும் ஏறி, கடைசியில் சர்வரே விழுந்தது. அதே டிஸ்க்கில் யாரோ வைத்துவிட்டுப் போன 11 ஜிபி பேக்கப் ஃபைல் ஒன்றை அழித்த பிறகுதான் எழுப்ப முடிந்தது. விடியும்வரை கையால் ரசீது எழுதினார்கள், டிரைவர்கள் கேபினிலேயே படுத்துக் கிடந்தார்கள். அதனால்தான் நிறைந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

அதற்கப்புறம் நான் செய்த ஒரே நல்ல காரியம், தினமும் ராத்திரி ஒவ்வொரு டேபிளின் அளவையும் குறித்து வைக்க ஆரம்பித்தது. பெரிய வேலை இல்லை, இவ்வளவுதான்:

```sql
INSERT INTO size_history (day, tbl, bytes)
SELECT current_date, relid::regclass::text,
       pg_total_relation_size(relid)
FROM pg_stat_user_tables;
```

இதில் வருகிற அளவில் டேபிள் மட்டும் இல்லை, தேடலை வேகமாக்கும் அதன் இன்டெக்ஸ்களும், பெரிய மதிப்புகளைத் தனியாக வைக்கும் டோஸ்ட் பகுதியும் அடக்கம். டேபிளை மட்டும் அளந்தால் நம்மிடம் பாதிக்குப் பாதி கணக்கு விட்டுப் போகும், ஏனென்றால் ஜிபிஎஸ் டேபிளில் இன்டெக்ஸ் கிட்டத்தட்ட டேபிள் அளவுக்கே இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் இருபத்திரண்டு மாதத்துக்கு வருகிறேன். போன ஏப்ரலில் 464 ஜிபி, இந்த மார்ச் 31-இல் 650 ஜிபி, வித்தியாசம் 186. ஆனால் நடுவில் அக்டோபரில் பழைய லாக் டேபிள் ஒன்றைத் தணிக்கை முடிந்ததும் நீக்கினோம், அதில் 60 ஜிபி குறைந்தது. அது ஒரு தடவை நடந்தது, இனி நீக்க அப்படி ஒன்று இல்லை. அதைத் திரும்பக் கூட்டினால் வருடத்துக்கு 246 ஜிபி ஏறியிருக்கிறது, மாதம் இருபதரை. அப்போதே இருபத்திரண்டு மாதம் பதினேழாகிவிட்டது.

இன்னொரு பெரிய விஷயம் ஜனவரியில் நடந்தது. ஏற்காட்டிலிருந்து காபி ஏற்றி இறங்கும் வண்டிகளின் பாதை வரைபடத்தில் சரியாக வரவில்லை என்று ஆப்பரேஷன்ஸ் பிரிவில் குறை சொன்னார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் முப்பது விநாடிக்கு ஒரு ஜிபிஎஸ் புள்ளி வந்தால் வண்டி மலையைக் குறுக்கே வெட்டிப் போவது போலத்தான் தெரியும். தொப்பூர் கணவாயில் வேகத்தைப் பார்ப்பதற்கும் அது போதவில்லை. அதனால் எல்லா லாரிக்கும் பத்து விநாடிக்கு ஒரு தடவை என்று மாற்றினார்கள். மாற்றியது நியாயம்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் வருத்தம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு லாரிக்கு நாளுக்கு 8,640 வரி, 300 லாரிக்கு 25,92,000 வரி. இன்டெக்ஸோடு சேர்த்து ஒரு வரிக்குச் சுமார் 200 பைட் என்று வைத்தால் நாளுக்கு அரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல், மாதத்துக்குப் பதினைந்தரை ஜிபி. முன்பு இதே டேபிள் மாதம் ஐந்து ஜிபிதான் ஏறிக்கொண்டிருந்தது.

வருடச் சராசரி இந்த மாற்றத்தை விழுங்கிவிடுகிறது. பழைய ஒன்பது மாதமும் புது மூன்று மாதமும் ஒரே தட்டில் விழுகின்றன. அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு டேபிளுக்கும் கடைசி தொண்ணூறு நாளில் ஏறிய வேகத்தைத் தனியாகப் பார்த்தேன்:

```sql
SELECT tbl,
  regr_slope(bytes, day - date '2000-01-01') * 30 / 1e9 AS gb_month
FROM size_history
WHERE day > current_date - 90
GROUP BY tbl ORDER BY gb_month DESC LIMIT 10;
```

முதல் வரியிலேயே ஜிபிஎஸ் டேபிள் 15.5 என்று வந்தது, கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. ஸ்கேன் செய்த டெலிவரி ரசீதுப் படங்கள், புக்கிங் எல்லாம் சேர்ந்து சுமார் 13. மொத்தம் மாதம் 28.4 ஜிபி. இதையே கடைசி முப்பது நாளுக்கும் போட்டுப் பார்ப்பது என் வழக்கம், இரண்டு எண்ணும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது, அந்த வேகத்தை நம்பக்கூடாது, யார் என்ன மாற்றினார்கள் என்று போய்க் கேட்க வேண்டும். இப்போது இரண்டும் ஒட்டியே இருக்கின்றன.

வரி ஏறாமல் ஃபைல் மட்டும் ஏறுகிறதா என்றும் பார்த்துவிட்டேன். சில சமயம் வேக்யூம் சரியாக ஓடாமல் செத்த வரிகள் குவிந்து டேபிள் ஊதும், அதற்கு டிஸ்க் வாங்குவது ஓட்டை டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. `pg_stat_user_tables`-இல் `n_dead_tup` எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் டேபிள்களில் வரியும் அளவும் சேர்ந்தே ஏறுகின்றன, இது உண்மையான வளர்ச்சி.

350-ஐ 28.4-ஆல் வகுத்தால் பன்னிரண்டு மாதம். ஆனால் 1,000 ஜிபியையும் நிரப்ப முடியாது. ஜிபிஎஸ் இன்டெக்ஸ் ஒன்றே 90 ஜிபி, அதை `REINDEX INDEX CONCURRENTLY` கொடுத்துப் புதுப்பிக்கும்போது பழையது இருக்கும்போதே பக்கத்தில் புதியது எழுதப்படும், அவ்வளவு நேரமும் இரண்டுக்கும் இடம் வேண்டும். பிரதி ஓடும் இரண்டாவது சர்வரின் லைன் ஒரு நாள் அறுந்தால் அதற்கு அனுப்ப வேண்டிய மாற்றப் பதிவுகளும் இங்கேயே தேங்கும். இதற்கெல்லாம் சேர்த்து 150 ஜிபியைத் தொடாமல் வைக்கிறேன். மீதி 200 ஜிபி, ஏழு மாதம். மாம்பழ சீசன் மூன்று மாதமும் பார்சல் புக்கிங் கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த வேகத்தில் அது இல்லை. போன வருடப் பதிவைப் பார்த்தால் சீசன் முழுவதும் பத்து ஜிபி போலக் கூடுதலாக ஏறியிருக்கிறது, அதற்கு ஒரு பத்து நாளைக் கழித்துக்கொள்ளலாம். அக்டோபர் 20 வாக்கில் நாம் எல்லையில் நிற்போம், அதுவும் தீபாவளி லோடு குவிகிற நேரத்தில்.

இப்போது போன தடவை வாங்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். மூன்று கொட்டேஷன் வர ஐந்து வாரம், உங்கள் ஒப்புதலுக்கு நான்கு வாரம், ஆர்டர் போட்டுப் பொருள் வர ஆறு வாரம், பொருத்தி டேட்டாவை மாற்ற இரண்டு வாரம், மொத்தம் பதினேழு வாரம். அக்டோபர் 20-இலிருந்து பதினேழு வாரம் பின்னால் எண்ணினால் ஜூன் 23 வருகிறது. நீங்கள் தள்ளி வைத்திருப்பதோ அடுத்த ஏப்ரலுக்கு.

எவ்வளவு வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே வேகத்தில் மூன்று வருடத்துக்கு 1,022 ஜிபி கூடும், அக்டோபரில் இருக்கும் 850-ஓடு சேர்த்தால் 1,872. அதே பதினைந்து சதவீத இடைவெளி விட்டால் மொத்தம் 2.2 டிபி வேண்டும், அதாவது இப்போதிருப்பதோடு 1.2 டிபி. இன்னும் நூறு லாரி எடுக்கும் பேச்சு நடக்கிறது, அது உண்மையென்றால் ஜிபிஎஸ் மட்டுமே மாதம் ஐந்து ஜிபி கூடும், அப்போது 1.5 டிபியாக வாங்குங்கள். இது பயன்படுத்தக் கிடைக்கும் அளவு. நம் சர்வரில் ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10 என்பதால் டிஸ்க்காக இதில் இரண்டு பங்கு வாங்க வேண்டும். இரண்டாவது சர்வரில் முழுப் பிரதி ஓடுகிறது, அதற்கும் இதே அளவு தனியாக. போன தடவை கொட்டேஷனில் இதை விட்டுவிட்டுப் பிறகு அலைந்தோம்.

வாங்காமல் சமாளிக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஜிபிஎஸ் டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் பிரித்து, அறுபது நாளுக்கு மேல் பழையதை நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, பழைய பார்ட்டிஷனையே நீக்கலாம். டெலீட் போலில்லாமல் அந்த இடம் உடனே டிஸ்க்குக்குத் திரும்பும். ஆனால் விபத்து வழக்கும் இன்சூரன்ஸும் நடக்கும்போது எத்தனை மாதத்துப் பாதை வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய முடியாது, சட்டப் பிரிவு எழுத்தில் தர வேண்டும். தந்தால் இந்தக் கணக்கை மறுநாளே திருத்தித் தருகிறேன். தராதவரை எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம் என்றுதான் கணக்குப் போட முடியும்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். மே மாதக் கூட்டத்தில் இதைத் திரும்ப எடுத்து, கொட்டேஷன் கேட்க ஜூன் 23-க்குள் அனுமதி கொடுங்கள். ஆப்பரேஷன்ஸில் இடைவெளி, படத்தின் அளவு, வண்டி எண்ணிக்கை எதை மாற்றினாலும் முடிவெடுக்கும் முன் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், நாளுக்கு எத்தனை வரி என்று சொன்னால் போதும், தேதி எவ்வளவு முன்னால் நகரும் என்று அன்றைக்கே சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை புதுத் தேதியைப் போட்டு உங்கள் அறை வாசலில் ஒட்டுகிறேன், இந்த மாதத் தாள் இப்போது அங்கே இருக்கிறது.

டேட்டாபேஸ் பிரிவு,
சேலம்