அந்தப் பதிவை எடுக்கச் சொல்லும்போது

அன்புள்ள கயலுக்கு,

உங்கள் கல்லூரி மாணவர்கள் பெயர் சொல்லாமல் மனசில் இருப்பதைக் கூகுள் ஃபார்மில் எழுதி அனுப்ப, அதை அட்மின் வெளியிடும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்த உன் பதிவை நான் தேடிப் படிக்கவில்லை, படிக்கப் போவதுமில்லை. அது உன் மனசு. அந்தப் பதிவை எப்படி நீக்க வைப்பது என்பதற்கு மட்டும்தான் இந்தக் கடிதம்.

பெயர் போடாமல்தான் அனுப்பினாய். ஆனால் இறுதியாண்டு, இரட்டையரில் ஒருத்தி, அறுவை சிகிச்சையால் ஒரு செமஸ்டர் விட்டுப்போனது என்று மூன்று விவரங்கள் அதில் இருப்பதாக நீயே சொன்னாய். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றும் சேர்ந்தால் உங்கள் கல்லூரியில் நீ ஒருத்திதான். பத்திரிகையில் பெயர் வெளியிடாத கடிதங்களை இத்தனை வருஷம் திருத்தியவள் என்பதால் சொல்கிறேன், ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்துகொள்ளும் சின்ன விவரங்கள்தான்.

முதலில், அந்தப் பதிவின் கீழே நீ எதுவும் எழுதாதே. "இது நான் இல்லை" என்று எழுதினால்கூட, இதுவரை சந்தேகமாக இருந்தது உறுதியாகிவிடும். பதிவின் இணைப்பை எடுத்து வைத்துக்கொள். பதிவு எண், தேதி, உன் பெயரைக் குறிப்பிட்ட கமெண்டுகள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடு. பிறகு அட்மினுக்குத் தனிச்செய்தி அனுப்பு. அதை உன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பாதே. அந்த அட்மின் உன் வகுப்பிலேயே இருக்கலாம். உன் பெயர் இல்லாத வேறொரு கணக்கிலிருந்து அனுப்பு. புதுக் கணக்கின் செய்தி அவருடைய 'ரிக்வெஸ்ட்' பகுதியில் போய் விழும் என்பதால், பார்க்கக் கொஞ்சம் தாமதமாகலாம்.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். உங்கள் பக்கத்தின் 412ஆம் பதிவில் ஆண்டு, இரட்டையர், விட்டுப்போன செமஸ்டர் மூன்றும் சேர்ந்து வருவதால் ஒருவரின் அடையாளம் தெரிகிறது. கமெண்டில் பெயரும் வந்துவிட்டது. தயவுசெய்து பதிவை முழுவதும் நீக்கிவிடுங்கள். ஃபார்மில் வந்த பதிலையும் அழித்துவிடுங்கள். இணைப்பு கீழே."

இதில் 'நான்' என்ற சொல்லே இல்லை, கவனித்தாயா? பதிவை எழுதியது நீதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அடையாளம் தெரிகிறது என்பதே போதுமான காரணம். எழுதியவர் கேட்டால்தான் எடுப்பேன் என்று அட்மின் பிடிவாதம் பிடித்தால், நீ ஃபார்மை அனுப்பிய நேரத்தைச் சொல். அல்லது நீ அனுப்பி, அவர் வெளியிடாமல் வெட்டிய வரி ஏதாவது இருந்தால் அதைச் சொல். அது உங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். ஐடி கார்டோ புகைப்படமோ கேட்டால் கண்டிப்பாக அனுப்பாதே.

"அந்த வரியை மட்டும் மாற்றிவிடுகிறேன்" என்பார். அதற்குச் சரி என்று சொல்லிவிடாதே. இந்தப் பக்கங்களில் எழுத்தைப் படமாக்கித்தான் போடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்திலுள்ள எழுத்தைத் திருத்த முடியாது. திருத்திய படத்தைப் புதிதாகப் போட்டால், என்ன வெட்டினார்கள் என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். முழுப் பதிவும் போனால் அதன் கீழுள்ள கமெண்டுகளும் சேர்ந்தே போய்விடும். நீக்கிய பதிவு 30 நாள் வரை அவருடைய 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் கிடக்கும், திரும்பக் கொண்டுவர முடியும். அங்கிருந்தும் அழிக்கச் சொல்.

ஃபார்ம் விஷயத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். கூகுள் ஃபார்மில் வந்த பதிலை ஷீட்டோடு இணைத்திருந்தால், அது இரண்டு இடத்தில் இருக்கும். ஷீட்டில் அந்த வரியை அழித்தாலும் ஃபார்முக்குள் பதில் அப்படியே இருக்கும். இரண்டிலும் அழிக்கச் சொல்ல வேண்டும்.

நீக்கிவிட்டேன் என்று அவர் சொன்னதும், எந்தக் கணக்கிலும் நுழையாமல் அந்த இணைப்பைத் திறந்து பார். உன் தோழி ஒருத்தியையும் அவள் கணக்கில் பார்க்கச் சொல். செய்தி அனுப்பிய கணக்கில் மட்டும் பார்த்து நம்பிவிடாதே. அவர் அந்தக் கணக்கை பிளாக் செய்திருந்தாலும் பதிவு காணாமல் போனது போலத்தான் தெரியும்.

இரண்டு நாளில் பதில் வராவிட்டால் இன்ஸ்டாகிராமிடம் புகார் செய்யலாம். பெயரோ படமோ இல்லாத பதிவு உன்னைத்தான் சொல்கிறது என்பது புகாரைப் பார்ப்பவருக்குப் புரிவது கடினம். அதனால் உன் பெயரைச் சொன்ன கமெண்டுகளையும் ஒவ்வொன்றாகப் புகார் செய். எழுதியவர்களில் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய கமெண்டை அவர்களே அழிக்கலாம். உனக்காக உன் தோழி போய்க் கேட்கட்டும்.

ஏற்கெனவே யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பதிவு இருக்கும்வரை புதிதாகப் பார்ப்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் இன்றைக்கே அனுப்பிவிடு. அப்புறம், உன் தங்கையிடமும் சொல்லிவிடு. இரட்டையர் என்று எழுதியிருப்பதால் அவளிடமும் கேட்பார்கள், அவளும் எதுவும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அட்மின் என்ன பதில் சொன்னாலும் அப்படியே எனக்கு அனுப்பு. அடுத்து என்ன எழுதுவது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா