அட்வான்ஸ் கேட்டு நீ எழுதிய மெசேஜ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலி செய்த வீட்டின் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஹவுஸ் ஓனருக்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைப் படித்தேன். "பாருங்கம்மா, எவ்வளவு மரியாதையாக் கேட்டிருக்கேன், அப்பவும் பணம் வரல" என்று வேறு எழுதியிருந்தாய். மரியாதையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீ எதையும் கேட்கவே இல்லை. உன் வரிகளை அப்படியே எடுத்து எழுதுகிறேன், நிதானமாகப் படித்துப் பார்.

"வணக்கம் அங்கிள், டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி. சும்மா ஞாபகப்படுத்தலாம்னுதான். முடிஞ்சா அந்த அட்வான்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் பார்க்க முடியுமா? ஒண்ணும் அவசரம் இல்ல, உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப போதும். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் "சரிம்மா, பாக்கலாம்" என்று பதில் போட்டிருக்கிறார். இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்க முடியுமா என்று கேட்டாய், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எப்படி அனுப்ப வேண்டும் என்று எதுவுமே உன் மெசேஜில் இல்லை. "முடிஞ்சா" என்றதும், உன் பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவே அவர் கைக்குப் போய்விட்டது. "அந்த அட்வான்ஸ் விஷயம்" என்று எழுதியதால் தொகையும் மறைந்தது. இருப்பதிலேயே மோசம் "ஒண்ணும் அவசரம் இல்ல" என்பதுதான், ஏனென்றால் அது பொய். புது வீட்டு அட்வான்ஸுக்காக நீ நகையை அடகு வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. அவசரமில்லை என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டால், தாமதத்துக்கு அவரிடம் அதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

நான் தாலுகா ஆபீஸில் இருந்தபோது, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாங்கிய மனுக்கள் எங்களுக்கு வரும். சில மனுக்களில் நாலு பக்கத்துக்குக் கஷ்டம் எழுதியிருக்கும், கடைசியில் "ஏதாவது பார்த்து உதவி செய்யுமாறு" என்று முடியும். அதன்மேல் என்ன உத்தரவு போடுவது? "உரிய நடவடிக்கைக்கு" என்று அடுத்த மேசைக்குத் தள்ளத்தான் முடியும். இன்னொருவர் அரைப் பக்கத்தில், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், தகப்பனார் இறந்துவிட்டார், வாரிசுகளான எங்கள் மூவர் பெயருக்குப் பட்டா மாற்றித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார். அந்த மனுவை வைத்து வேலையைத் தொடங்கலாம், தாமதமானால் ஏன் என்று கேட்கவும் அவருக்கு வழி இருக்கும். அவரும் "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் முடித்திருப்பார். பணிவு அவர் வேலையைக் கெடுக்கவில்லை.

பெண்கள் என்றாலே இப்படித்தான் குழைந்து எழுதுவோம் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். 1970களில் ராபின் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அப்புறம் வில்லியம் ஓபார் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். இப்படி இழுத்துப் பேசுவது ஆணா பெண்ணா என்பதைவிட, சமூகத்தில் அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதோடுதான் அதிகம் ஒட்டியிருந்தது என்று சொன்னார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் நம்மைவிடப் பெரியவர் என்று நினைத்துவிட்டால் ஆம்பளைக்கும் அந்த "ஏதோ கொஞ்சம்" வந்துவிடும். உன் தம்பி மேனேஜரிடம் லீவ் கேட்டு எழுதிய மெயிலைப் படித்தால் நீயே சிரிப்பாய்.

சரி, எதை வெட்டுவது, எதை விடுவது? சந்தேகப்படும் வார்த்தையை ஒருமுறை அடித்துவிட்டுப் படி. தொகை, தேதி, யார் என்ன செய்ய வேண்டும் என்பது எதுவும் மாறவில்லை என்றால் அந்த வார்த்தை வேண்டாம். "சும்மா", "கொஞ்சம்", "-னுதான்" எல்லாம் இப்படியே போய்விடும். மாறினால் நின்று யோசி. "முடிஞ்சா"வை எடுத்தால் அர்த்தம் மாறும்தான். ஆனால் உன் பணத்தைத் திருப்பித் தருவது அவருக்கு முடிந்தால் செய்கிற உதவியா என்ன? அதையும் எடுத்துவிடு.

நிஜமாகவே உனக்குத் தெரியாத ஒன்று இருந்தால் மட்டும் அதைத் தெரியாததாகவே எழுது. கரண்ட் பில்லுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள், நீ இருந்த கடைசி நாட்களின் தொகை இன்னும் வரவில்லை. அங்கே "சுமார் 1,200 ரூபாய் வரலாம்" என்றுதான் எழுத வேண்டும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக "1,200 ரூபாய்" என்று அடித்துவிட்டு, பில் 1,700 வந்தால் உன் மற்ற கணக்கையும் அவர் நம்பமாட்டார்.

நேரில் பேசும்போது இவ்வளவு கறார் தேவையில்லை. பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்கிற "கொஞ்சம்" நல்ல பழக்கம், அதை விடாதே. முகத்தையும் குரலையும் பார்த்து அவர் புரிந்துகொள்வார். போனில் எழுத்தாகப் போகும்போது வார்த்தை மட்டும்தான் போகிறது.

இப்படி அனுப்பு:

"வணக்கம் அங்கிள். ஜூன் 30 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை உங்களிடம் கொடுத்தேன். அட்வான்ஸ் 45,000 ரூபாய். ஒப்பந்தப்படி பெயிண்டிங்குக்கு 10,000 கழித்தால் மீதி 35,000 ரூபாய். அதை ஜூலை 30க்குள் என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், கணக்கு விவரம் கீழே இருக்கிறது. கரண்ட் பில் சுமார் 1,200 வரலாம், பில் வந்ததும் நான் தனியாகக் கட்டிவிடுகிறேன். வேறு பிடித்தம் இருந்தால் எதற்கு, எவ்வளவு என்று 20ஆம் தேதிக்குள் எழுதி அனுப்புங்கள். நன்றி."

இதில் மரியாதைக்கு என்ன குறைச்சல்? வணக்கம் இருக்கிறது, அங்கிள் இருக்கிறார், "அனுப்பிவிடுங்கள்" இருக்கிறது. "அனுப்ப முடியுமா?" என்று கேள்வியாக மாற்றாதே, முடியாது என்பதும் அதற்கு ஒரு பதில்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இருக்கிறது, ஜூலை 30 என்று போட்டது அதனால்தான். ஆனால் சட்டத்தை முதல் மெசேஜிலேயே எழுத வேண்டாம். தெளிவாகக் கேட்பது வேறு, மிரட்டுவது வேறு. தேதி தாண்டினால் அப்போது எழுதிக்கொள்ளலாம்.

அனுப்பியதும் மனசு கேட்காமல் இன்னொரு மெசேஜ் போடுவாய் என்று எனக்குத் தெரியும். "சாரி அங்கிள், ரூடா இருந்தா..." என்று ஆரம்பிப்பாய், கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. அது போனால் முதல் மெசேஜ் செத்தது. அவர் மறுபடியும் "பாக்கலாம்மா" என்றால், "எந்தத் தேதியில் அனுப்புவீங்க அங்கிள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இரு.

இன்னொன்று. பெயிண்டிங்குக்கு 10,000 என்று நீ சொன்னதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். மெசேஜ் அனுப்பும் முன் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதில் ஒரு மாத வாடகை, அதாவது 15,000 என்று இருந்தால் மீதி 30,000தான்.

அன்புடன்,
அம்மா