en-US என்றால் அமெரிக்காவில் இருக்கிறார் என்று பொருளல்ல

ஆசிரியருக்கு,

மென்பொருளின் மொழி அமைப்புகள் பற்றிய கட்டுரையில், en-US என்ற மொழிக் குறிச்சொல்லின் கடைசி இரண்டெழுத்தை ‘பயனரின் நாட்டுக் குறி’ என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. ISO 3166 பட்டியலில் US ஒரு நாட்டைக் குறிக்கிறது. மொழிக் குறிச்சொல்லிலோ அது அமெரிக்க எழுத்துக்கூட்டலும் தேதி முறையும் வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஆள் எங்கே இருக்கிறார் என்பது அதில் இல்லை.

இதைக் குழப்பிக்கொள்ளும் நிரல்கள் ஏராளம். வழக்கமாகக் காணும் வரி இது:

```
country = tag.split("-")[1]
```

en-US வந்தால் US கிடைக்கும். சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வெறும் ta வந்தால் ஒன்றுமே கிடைக்காது. zh-Hant-TW வந்தால் Hant கிடைக்கும். அது மரபுச் சீன எழுத்துமுறையின் பெயர். ஜாவாஸ்கிரிப்டின் Intl.Locale கொண்டு முறையாகப் பிரித்தால் தைவானின் TW கைக்கு வரும், ஆனால் es-419 அங்கேயும் 419 என்றுதான் வரும். லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதி முழுவதற்கும் ஐ.நா. தந்த எண் அது. எந்த நாட்டுப் பட்டியலிலும் தேடிப் பயனில்லை.

பெரிய தொல்லை பிழைச்செய்தி வராத இடத்தில்தான். மலேசியாவில் இருப்பவர் கணினியை en-US என்று வைத்திருக்கிறார். முகவரிப் படிவம் நாட்டை அமெரிக்கா என்று தானே நிரப்பிவிடுகிறது. அவர் கவனிக்காமல் தம் அஞ்சல் குறியீட்டை அடிக்கிறார். மலேசியக் குறியீட்டுக்கும் ஐந்து இலக்கம், அமெரிக்காவுக்கும் ஐந்து. இலக்கத்தை மட்டும் எண்ணும் சோதனை அதை ஏற்றுக்கொள்ளும். வரியும் அனுப்பும் கட்டணமும் தவறான நாட்டுக்குக் கணக்கிடப்படும். இந்தியாவில் இருப்பவராயின் ஆறு இலக்கம் இடித்து, அங்கேயே பிழை வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே நாட்டுக்குத் தனிப் புலம் வேண்டும், அதைப் பயனரிடமே கேட்க வேண்டும். குறிச்சொல்லை எழுத்துக்கும் எண்ணுக்கும் தேதிக்கும் விட்டுவிடலாம். அங்கே அது மிகவும் பயன்படும்: 1234567 என்ற எண் ta-IN அமைப்பில் 12,34,567 என்றும், ta-MY அமைப்பில் 1,234,567 என்றும் வரும். மொழி ஒன்று, வழக்கம் வேறு என்பவருக்கு en-US-u-rg-myzzzz என்றும் எழுதலாம். அமெரிக்க ஆங்கிலம், ஆனால் நாணயம், நாட்காட்டி, அளவை முறை போன்றவற்றில் மலேசிய வழக்கம். இதுவும் விருப்பம்தான், முகவரி அல்ல.

en-UK என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பிரிட்டனுக்கு GB, சிறிய எழுத்தில் முதலில் வரும் uk உக்ரைனிய மொழி.

இப்படிக்கு,
மென்பொருள் உள்ளூராக்கத்தில் பணிபுரியும் வாசகர்