உலர்ந்த பிறகு ஆல்கஹாலில் போட்ட நான்கு ஸ்லைடுகள்

கட்டிகளில் ஊசி போட்டு மாதிரி எடுக்கும் இளம் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் ஸ்லைடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவன் நான். அண்மையில் வந்த ஒரு தைராய்டு கட்டியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு ஸ்லைடுகளும் ஆல்கஹால் ஜாடியில் வந்தன. செல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாப் சாயம் ஏற்றிப் பார்த்தபோது உட்கருக்கள் உப்பி, வெளிறி, விளிம்பு கலைந்து கிடந்தன. பெரிய வெளிறிய உட்கரு பாப்பில்லரி புற்றுநோயின் அடையாளங்களில் ஒன்று. காற்றில் உலர்ந்தபின் ஆல்கஹாலில் விழுந்த சாதாரண செல்லும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றும். எது நோய், எது தாமதம் என்று பிரிக்க வழியே இல்லை. விசாரித்தேன். நான்கையும் வரிசையாகத் தீற்றி, நோயாளியின் கழுத்தில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, பிறகு ஜாடியைத் தேடியிருக்கிறார்கள். மெல்லிய தீற்றல் உலரச் சில நொடிகள் போதும்.

ஆகவே, ஊசி தோலைத் தொடுமுன் 95% ஆல்கஹால் ஜாடி மூடி திறந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒருவர் தீற்ற, இன்னொருவர் அந்த நொடியே அமிழ்த்தட்டும். தீற்றப் பயன்படுத்தும் இரண்டாவது ஸ்லைடை அழுத்தித் தேய்க்காதீர்கள்; உட்கருக்கள் நசுங்கி நூலாக இழுபடும். எல்லாவற்றையும் அமிழ்த்தவும் வேண்டாம். பாதியை வேகமாக விசிறி முழுவதும் உலரவிட்டால் கீம்சா சாயத்தில் கொலாய்டும் சைட்டோபிளாசமும் நன்றாகத் தெரியும். அவற்றின் மேல் 'உலர்' என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பயாப்சிக்கான ஃபார்மலின் பாட்டிலையும் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே உலர்ந்த ஸ்லைடில் கீம்சா சாயம் கெடும்.

நான் பெதஸ்டா முறையில் முதல் வகை, அதாவது 'முடிவு கூற இயலாது' என்று எழுதினேன். பத்து செல்களாவது கொண்ட ஆறு கொத்துகள் வேண்டும் என்பது அம்முறையின் பொது விதி. அவை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் அதே விதிதான். எண்ணிக்கை இருந்தது, தெளிவு இல்லை. என்னைத் திடுக்கிட வைத்தது அதன் பிறகு நடந்ததுதான். நோயாளியின் குறிப்பேட்டில் யாரோ 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்று எழுதியிருந்தார். அப்படிப் படிக்க இடம் தருவது இரண்டாம் வகை, அதாவது தீங்கற்றது. முதல் வகைக்குப் பொருள், மீண்டும் ஊசி போடுங்கள் என்பது மட்டுமே.

நல்லவேளையாக அந்த அம்மையாரைத் திரும்ப அழைக்க முடிந்தது. அல்ட்ராசவுண்ட் உதவியோடு, தோலில் பூசிய ஜெல்லை ஊசி முனையில் ஒட்டாதபடி துடைத்துவிட்டு எடுத்தார்கள். இரண்டு ஸ்லைடுகள் ஈரத்தோடு ஆல்கஹாலுக்குள் போயின, இரண்டு உலர்ந்தன. ஈர ஸ்லைடில் உட்கருவின் நீளவாட்டில் ஓடும் பள்ளக்கோடுகளும், உட்கருவுக்குள் சைட்டோபிளாசம் புகுந்து நிற்கும் வட்டங்களும் துல்லியமாகத் தெரிந்தன. ஆறாம் வகை, அதாவது புற்றுநோய் என்று எழுதினேன். இடையில் நான்கு வாரங்கள் போயிருந்தன.

இப்படிக்கு,
உங்கள் ஸ்லைடுகளைப் படிக்கும் செல்லியல் மருத்துவர்