எச்.ஆருக்கு ஒரு மெயில்

அன்புள்ள வசந்தி,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம், லியோனில் குளிரும் விட்டுவிட்டது.

எதிர் மேசைக்காரியைப் பற்றிப் போன தடவை சொன்னேனே, அது முற்றிப்போய் எச்.ஆருக்கு மெயில் எழுதும் வரை வந்துவிட்டது. முதல் நாள் ராத்திரி இரண்டு பக்கம் எழுதினேன், "எப்போதும் என்னை மட்டம் தட்டுகிறார், ஒரு நாளும் மதித்ததில்லை" என்று. காலையில் படித்தால் என் கோபம் மட்டும்தான் தெரிந்தது, என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் பாண்டிச்சேரியில் நம் டீச்சர் மண்டையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு இறந்தகாலங்கள் ஞாபகம் வந்தன. "எல் மெ கூபெ லா பரோல்" என்று அம்பர்ஃபேயில் எழுதினால், எப்போதும் குறுக்கே பேசுவார் என்று ஆகிவிடும், அது அவருடைய குணத்தைப் பற்றிய புகார். "எல் மா கூபே லா பரோல்" என்று பாஸே கொம்போசேயில் எழுதினால் ஒரு நாள், ஓர் இடத்தில் நடந்தது. உச்சரிப்பில் பெரிய வித்தியாசமே இல்லை, ஆனால் இரண்டாவதைத்தான் விசாரித்துப் பார்க்க முடியும்.

எல்லாவற்றையும் அப்படியே மாற்றினேன். மார்ச் 4 செவ்வாய், காலை மீட்டிங்கில் நான் சரக்குக் கணக்கைச் சொல்லும்போது மூன்று முறை குறுக்கிட்டார், கடைசியில் "இது உங்கள் வேலை இல்லை" என்றார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். 13ஆம் தேதி ஓர் ஆர்டர் மாறியதை எனக்குச் சொல்லவில்லை, சரக்கு ஒரு நாள் தாமதம். 17ஆம் தேதி தனியாகப் பேசலாமா என்று கேட்டேன், நேரமில்லை என்றார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எங்கும் எழுதவில்லை, "எனக்கு அவமானமாக இருந்தது" என்று என் பக்கத்தை மட்டும் சொன்னேன். முடிவில் "ஜெ சுஎத்ரே", அதாவது ஒரு நடுநிலையாளர் முன் இருவரும் பேச விரும்புகிறேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் "ஆர்செல்மான் மொரால்" என்று எழுதச் சொல்லி ஒரே பிடிவாதம். மறுத்துவிட்டேன் வசந்தி. அது இங்கே சட்டத்தில் உள்ள சொல். திரும்பத் திரும்ப நடந்து, வேலைச் சூழலைக் கெடுத்து, ஒருவரின் மானத்தையோ உடல்நலத்தையோ பாதிக்கக்கூடிய செயல்களைச் சொல்வது. அதை எழுதினால் நிறுவனம் சும்மா இருக்க முடியாது, விசாரணை, சாட்சி என்று போகலாம். என் மேல் உண்மையில் அது நடந்திருந்தால் தயங்காமல் எழுதியிருப்பேன். நடந்தது இரண்டு பேர் ஒத்துப்போகாதது, அதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம்.

திங்கள்கிழமை அனுப்பினேன், மறுநாளே பதில் வந்தது. மெதியாசியோன், அதாவது நான் கேட்ட அந்த நடுநிலைப் பேச்சு என்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும், கட்டாயப்படுத்த முடியாதாம், அவரிடம் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை காபி மெஷின் அருகே என்னைப் பார்த்து "போன்ஜூர்" என்றார், மூன்று வாரத்தில் முதல் தடவை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது, நீ ஞாயிறு கட்டாயம் போன் பண்ணு.

உன்,
செல்வி